மாதவர் ஐந்து எண்களோடு நிறுத்தியது ஏன்?

கேரளத்தில், 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர் சங்கமகிராம மாதவர். அவர் எழுதிய கணித நூல்கள் பெரும்பாலும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் வழிவந்தவர்கள் தங்கள் நூல்களில் அவர் பெயரைச் சொல்லிக் குறித்துவைத்த சூத்திரங்கள் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றில் ஒரு சிறு சுலோகம் ஐந்து எண்களைச் சொல்கிறது. எழுத்துக்கு ஓர் இலக்கம் என்ற கடபயாதி முறையில் எண்களைச் சொற்களாக்கி, மனப்பாடம் செய்ய வசதியாகக் கட்டிய சுலோகம் அது. அந்த ஐந்து எண்களும், பெருக்கவும் கழிக்கவும் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும். 0 பாகை முதல் 90 பாகை வரை எந்தக் கோணத்துக்கும் சைன் மதிப்பைக் கணக்கிட்டுவிடலாம்.

இன்று கல்லூரி முதலாண்டில் டெய்லர் தொடர் என்று நடத்தும் பாடத்தின் சாரம் முழுவதும் இந்த ஐந்து எண்களுக்குள் இருக்கிறது. வளைந்து செல்லும் ஒரு சார்பை, ஒரு புள்ளியின் அருகே, x, x³, x⁵ போன்ற அடுக்குகளைக் கூட்டிக் கழித்துப் பிடிப்பது எப்படி? ஒவ்வொரு உறுப்பைச் சேர்க்கும்போதும் பிழை எவ்வளவு குறைகிறது? எந்த இடத்தில் நிறுத்தலாம்? பாடப்புத்தகங்கள் முதல் கேள்விக்கு நிறையப் பக்கங்கள் ஒதுக்குகின்றன. எனக்கு மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. மாதவரின் எண்கள் அதற்கு நேரடியாகப் பதில் சொல்கின்றன.

முதலில் அவர்களுடைய அளவுகள். பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. ஒரு விகலைக்கு 60 தற்பரை. முழு வட்டத்தின் சுற்றளவு 21,600 கலை, கால் வட்டத்தின் வில் 5,400 கலை. சுற்றளவு இவ்வளவு என்றால் ஆரம் 3437 கலை 44 விகலை 48 தற்பரை. சைன் என்பது இந்த வட்டத்தில் அரைநாணின் நீளம். வில்லையும் அரைநாணையும் ஒரே அலகில் அளப்பதுதான் இங்கே இருக்கும் வசதி. இன்று ரேடியன் என்று சொல்லி நாம் செய்வதும் இதையேதான்.

ஆரியபட்டர் 499ஆம் ஆண்டிலேயே 225 கலைக்கு ஒன்று வீதம் 24 சைன் மதிப்புகளைத் தந்துவிட்டார். ஆனால் அவை முழுக் கலைகளில்தான் இருந்தன. 30 பாகைக்கு அவர் தரும் மதிப்பு 1719. மாதவருக்குத் தற்பரை வரை சுத்தமாக வேண்டியிருந்தது. அதாவது முன்னதைவிட 3,600 மடங்கு நுட்பம்.

வில் மிகச் சிறியதாக இருக்கும்போது அதற்கும் அரைநாணுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆகவே முதல் மதிப்பீடு, சைன் என்பது வில்லின் நீளமே என்பது. வில் வளர வளர அரைநாண் பின்தங்கும். எவ்வளவு பின்தங்குகிறது?

இதற்கான விதி ஆரியபட்டர் காலத்திலிருந்தே தெரிந்ததுதான். வில்லைச் சமமான சிறு துண்டுகளாக வெட்டிக்கொண்டு போனால், ஒவ்வொரு துண்டிலும் அரைநாண் கொஞ்சம் வளர்கிறது. அந்த வளர்ச்சி துண்டுக்குத் துண்டு குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்பது, அந்த இடத்தில் அரைநாண் எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது. நீளமான அரைநாண் என்றால் அதிகக் குறைவு. எனவே அந்தக் குறைவுகளை எல்லாம் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைகளை இன்னொருமுறை கூட்டினால், மொத்தம் எவ்வளவு பின்தங்கியது என்பது கிடைத்துவிடும். சிக்கல் என்னவென்றால், கூட்டுவதற்கு அரைநாண்களின் மதிப்பு வேண்டும். நாம் தேடுவதே அதைத்தான்.

இங்கே மாதவர் மரபினர் எடுத்த முடிவு துணிச்சலானது. 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷை அதைப் படிப்படியாக விளக்குகிறது. அரைநாண் தெரியாதா, பரவாயில்லை. அதன் இடத்தில் வில்லையே வைத்துக் கூட்டு. வில்லின் நீளம் x, ஆரம் 1 என்று வைத்துக்கொண்டால், இப்படி இரண்டு முறை கூட்டும்போது வருவது x³/6. கீழே உள்ள 6 என்பது 2×3. ஆக இரண்டாம் மதிப்பீடு x − x³/6.

இது சரியா? இல்லை. எந்தப் பக்கம் தவறு என்பதுகூட நமக்குத் தெரியும். அரைநாணின் இடத்தில் அதைவிடப் பெரிதான வில்லை வைத்துக் கூட்டினோம். ஆகவே பின்தங்கலை அதிகமாகக் கணக்கிட்டுவிட்டோம், தேவைக்கு மேல் கழித்துவிட்டோம். சரி, வில்லுக்குப் பதிலாக இப்போது கையில் இருக்கும் மேலான மதிப்பீட்டை, x − x³/6 என்பதை, அந்த இடத்தில் வைத்து மறுபடி கூட்டுவோம். x³/6 என்ற திருத்தம் இரண்டு முறை கூட்டப்பட்டு, கீழே 4×5 சேர்ந்து, x⁵/120 ஆக வருகிறது. மூன்றாம் மதிப்பீடு x − x³/6 + x⁵/120. இந்த முறை சற்றுக் குறைவான அரைநாண்களை வைத்துக் கூட்டியதால், விடை சற்று அதிகமாக நிற்கும். அதை வைத்து மறுபடி கூட்டினால் அடுத்த திருத்தம் கழிக்க வரும், கீழே 6×7 சேரும். அதற்கடுத்து 8×9, பிறகு 10×11.

ஒரு மதிப்பீட்டின் பிழையே அடுத்த திருத்தத்துக்குக் கச்சாப்பொருள் ஆகிறது. அதனால்தான் கூட்டல், கழித்தல் குறிகள் மாறி மாறி வருகின்றன. அதனால்தான் உண்மை விடை எப்போதும் அடுத்தடுத்த இரண்டு மதிப்பீடுகளுக்கு நடுவே சிக்கிக்கொள்கிறது.

இனி அந்த ஐந்து எண்கள். கால் வட்டத்துக்கு, அதாவது 5,400 கலை வில்லுக்கு, இந்தத் திருத்தங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று முன்கூட்டியே போட்டுவைத்த கணக்குதான் அவை. முதல் திருத்தம் 2220 கலை 39 விகலை 40 தற்பரை. இரண்டாவது 273 கலை 57 விகலை 47 தற்பரை. மூன்றாவது 16 கலை 5 விகலை 41 தற்பரை. நான்காவது 33 விகலை 6 தற்பரை. ஐந்தாவது வெறும் 44 தற்பரை.

90 பாகையில் சோதித்துப் பார்ப்போம். அங்கே அரைநாண் ஆரத்துக்குச் சமம் என்பதால் சரியான விடை நமக்கே தெரியும். 5,400 கலையில் தொடங்குகிறோம். இது கிட்டத்தட்ட 1,962 கலை அதிகம். சைன் வளைவின் உச்சியில் நின்றுகொண்டு, தொடக்கத்தில் இருந்த நேர்கோட்டை நம்பினால் இப்படித்தான் ஆகும். முதல் திருத்தத்தைக் கழித்தால் 258 கலை குறைவு. இரண்டாவதைக் கூட்டினால் ஏறக்குறைய 16 கலை அதிகம். மூன்றாவதைக் கழித்தால் அரைக் கலையளவு குறைவு. நான்காவதைக் கூட்டினால் 44 தற்பரை அதிகம். ஐந்தாவதைக் கழித்தால் 3437 கலை 44 விகலை 48 தற்பரை. ஆரம் எவ்வளவோ அவ்வளவு, ஒரு தற்பரைகூடப் பிசகவில்லை.

நிறுத்தியதற்கான காரணமும் இங்கேயே இருக்கிறது. ஆறாவது திருத்தம் என்று ஒன்றைக் கணக்கிட்டால் அது முக்கால் தற்பரைகூட வராது. உண்மை விடை அடுத்தடுத்த இரண்டு மதிப்பீடுகளுக்கு நடுவே இருப்பதால், ஐந்தோடு நிறுத்துவதால் வரும் பிழை ஆறாவது திருத்தத்தைத் தாண்ட முடியாது. விடையைத் தற்பரையில் எழுதப் போகிறவருக்கு இதற்குமேல் ஒரு எண் வீண். நான்கோடு நிறுத்தியிருந்தால் 44 தற்பரை தப்பு வந்திருக்கும். சரியான விடை தெரியாமலேயே, விட்டுவிட்ட முதல் உறுப்பைப் பார்த்துப் பிழையின் உச்சவரம்பைச் சொல்லிவிடலாம் என்பதுதான் இந்த முறையின் உயிர். இந்தச் சுலோகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சூத்திரத்தின் தொன்மையை வியக்கிறார்கள். ஐந்தில் நிறுத்திய கணக்குத்தான் அதைவிட வியப்புக்குரியது என்பேன்.

வேறு கோணத்துக்கு என்ன செய்வது? 30 பாகையை எடுத்துக்கொள்வோம். வில் 1,800 கலை. கால் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. பங்கின் வர்க்கம் 1/9, கனம் 1/27. சுலோகம் கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கி வரச் சொல்கிறது. 44 தற்பரையை 9ஆல் வகுத்தால் சுமார் 5 தற்பரை. இதை 33 விகலை 6 தற்பரையில் கழித்தால் 33 விகலை 1 தற்பரை. மறுபடி 9ஆல் வகுத்தால் 3 விகலை 40 தற்பரை. அதை 16 கலை 5 விகலை 41 தற்பரையில் கழித்தால் 16 கலை 2 விகலை 1 தற்பரை. 9ஆல் வகுத்தால் 1 கலை 46 விகலை 53 தற்பரை. அதை 273 கலை 57 விகலை 47 தற்பரையில் கழித்தால் 272 கலை 10 விகலை 54 தற்பரை. 9ஆல் வகுத்தால் 30 கலை 14 விகலை 33 தற்பரை. அதை முதல் எண்ணில் கழித்தால் 2190 கலை 25 விகலை 7 தற்பரை. இதை மட்டும் 27ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 81 கலை 7 விகலை 36 தற்பரை. 1,800 கலையிலிருந்து அதைக் கழித்தால் 1718 கலை 52 விகலை 24 தற்பரை.

30 பாகையின் சைன் அரை என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆரத்தைப் பாதியாக்கிப் பாருங்கள்: 1718 கலை 52 விகலை 24 தற்பரை.

இந்த 30 பாகைக் கணக்கில் ஐந்து எண்களும் உண்மையில் தேவைப்படவில்லை. முதல் மூன்று திருத்தங்களோடு நிறுத்தினாலே பிழை தற்பரையில் பத்தில் ஒரு பங்குதான். தொடங்கிய புள்ளிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறோமோ அவ்வளவு குறைந்த உறுப்புகள் போதும். இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். உறுப்புகளின் எண்ணிக்கையை மாற்றாமல் கோணத்தைப் பாதியாக்கினால் பிழை என்ன ஆகும்? x − x³/6 என்பதோடு நிறுத்தினால் பிழை ஏறத்தாழ x⁵/120. கோணம் பாதியானால் ஐந்து முறை 2ஆல் வகுபடும், அதாவது பிழை 32இல் ஒரு பங்காகும். ஆரம் 1 என்று வைத்துக்கொண்டால் 30 பாகையில் இந்தப் பிழை 0.0003258. 15 பாகையில் 0.0000102. வகுத்துப் பார்த்தால் 32க்கு மிக அருகில் வருகிறது.

இந்த 32 நல்ல சாட்சி. யாரோ 1/6 என்ற கெழுவைத் தவறுதலாக 1/5 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போது மிச்சமிருக்கும் பிழை x³ அளவில் இருக்கும். கோணத்தைப் பாதியாக்கினால் 32இல் ஒரு பங்காகாது, 8இல் ஒரு பங்காக மட்டுமே குறையும். ஆக, பிழை எந்த வீதத்தில் சுருங்குகிறது என்பதே எந்த உறுப்பில் தப்பு நடந்தது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். கணினியில் இப்படிப்பட்ட நிரல் எழுதுகிறவர்கள் இன்றும் முதலில் செய்கிற சோதனை இதுதான்.

மாதவர் வட்டத்தின் வடிவத்திலிருந்து பெற்றதை, எல்லாச் சார்புகளுக்கும் பொதுவான முறையாக 1715இல் அச்சில் வெளியிட்டவர் இங்கிலாந்தின் புரூக் டெய்லர். அதற்குச் சில பத்தாண்டுகள் முன்பே ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் கிரிகரி இத்தகைய தொடர்கள் பலவற்றைக் கண்டிருந்தார். டெய்லரின் வழி இது. ஒரு புள்ளியில் சார்பின் மதிப்பு, அதன் சாய்வு, சாய்வு மாறும் வேகம், அந்த வேகம் மாறும் வேகம் என்று வகைக்கெழுக்களை வரிசையாக எடுத்துக்கொள். அதே புள்ளியில் அதே எண்களைத் தரும் பல்லுறுப்புக்கோவையைக் கட்டு. சைனுக்கு 0இல் மூன்றாம் வகைக்கெழு −1. x³ஐ மூன்று முறை வகையிட்டால் 6 வரும். ஆகவே x³இன் கெழு −1/6 ஆக இருந்தே தீர வேண்டும். யுக்திபாஷை கூட்டிக் கூட்டிச் சென்று சேர்ந்த அதே 6.

பொது முறை கையில் கிடைத்ததும் ஓர் ஆபத்தும் கூடவே வந்தது. எந்தச் சார்புக்கும் தொடரை எழுதிவிடலாம். ஆனால் எழுதிய தொடர் அந்தச் சார்பிடம் போய்ச் சேரும் என்று உத்தரவாதம் இல்லை.

மடக்கையை எடுத்துக்கொள்வோம். இயல் மடக்கை ln(1+x)இன் தொடர் x − x²/2 + x³/3 − x⁴/4 என்று போகும். x = 0.1 என்றால் ஐந்தே உறுப்புகளில் 0.0953103 வந்துவிடுகிறது, உண்மை மதிப்பு 0.0953102. அருமை. x = 1 என்று வைத்து ln 2 தேடினால் நிலைமை மோசம். உண்மை 0.6931, பத்து உறுப்புகளுக்குப் பின் 0.6456, நூறு உறுப்புகளுக்குப் பின்னும் 0.6882தான். x = 2 என்று வைத்து ln 3 தேடினால் மதிப்பீடுகள் 2, 0, 2.67, −1.33, 5.07, −5.6 என்று போகின்றன. ln 3இன் மதிப்பு 1.0986. உறுப்பைச் சேர்க்கச் சேர்க்கப் பிழை பெருகுகிறது. இன்னும் நூறு உறுப்பு சேர்த்தால் இன்னும் மோசமாகும்.

ஏன் இந்த வேறுபாடு? ஒரு உறுப்பிலிருந்து அடுத்ததற்குப் போக எதால் பெருக்குகிறோம் என்று பார்த்தால் தெரியும். சைனில் x²ஆல் பெருக்கி 2×3, 4×5, 6×7 என்று வளரும் எண்களால் வகுக்கிறோம். x எவ்வளவு பெரிதானாலும் ஒரு கட்டத்தில் வகுக்கும் எண் அதை முந்திவிடும். மடக்கையில் xஆல் பெருக்குகிறோம், கூடவே 1/2, 2/3, 3/4 என்று மெல்ல 1ஐ நோக்கிப் போகும் பின்னங்கள் மட்டும். முடிவில் எஞ்சுவது x ஒன்றுதான். அது 1ஐத் தாண்டினால் உறுப்புகள் வளர்ந்துகொண்டே போகும். இன்னொரு வகையில் சொன்னால், x = −1 என்ற இடத்தில் மடக்கை அடிபாதாளத்துக்குப் போகிறது. தொடங்கிய புள்ளிக்கு இடப்பக்கம் ஓர் அலகு தொலைவில் இருக்கும் அந்தப் பள்ளம், வலப்பக்கமும் ஓர் அலகுக்கு மேல் போகவிடாமல் தொடரைத் தடுத்துவிடுகிறது.

மருந்து அதிக உறுப்புகள் அல்ல, அருகில் வருவது. 2 என்ற எண்ணை (1 + 1/3)ஐ (1 − 1/3)ஆல் வகுத்தது என்று எழுதி, இரண்டின் தொடர்களையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரட்டை அடுக்குகள் அடிபட்டுப்போகும். t = 1/3 என்று வைத்து 2(t + t³/3 + t⁵/5 + t⁷/7) என்ற நான்கே உறுப்புகளில் 0.69313 கிடைக்கிறது. நூறு உறுப்பு தராததை நான்கு தந்துவிட்டது.

சைன் எப்போதும் போய்ச் சேரும் என்று சொன்னேன். அங்கும் ஒரு பொறி உண்டு. x = 30 ரேடியன் என்று வைத்துத் தொடரை அப்படியே கணினியில் ஓடவிட்டால், நடுவில் வரும் உறுப்பு 77,000 கோடியைத் தாண்டும். இத்தனை பெரிய எண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, கடைசியில் −0.988 என்ற சின்ன எண் மிஞ்ச வேண்டும். கணினி ஒவ்வொரு எண்ணிலும் சுமார் 16 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்கிறது. அவற்றில் 12 அந்தப் பெரிய எண்களுக்கே செலவாகிவிட, விடையில் மூன்று நான்கு இலக்கங்களே நம்பத்தக்கவை. கணிதப்படி தொடர் சரி, கணக்கில் விடை தப்பு. ஆகவே முதலில் முழுச் சுற்றுகளைக் கழித்து 30ஐ −1.416 ஆக்கிக்கொள்ள வேண்டும். மாதவர் கால் வட்டத்தோடு நின்றதும் இதே விவேகம்தான். அதற்கப்பால் உள்ள சைன்கள் எல்லாம் கால் வட்டத்துக்குள் இருப்பவற்றின் நகல்களே.

கணினி நிரல்கள் இன்று இன்னும் உள்ளே வந்து, 0இன் இரு பக்கமும் 45 பாகைக்குள் கோணத்தைக் கொண்டுவந்துவிடுகின்றன. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1993இல் வெளியிட்ட fdlibm என்ற கணித நிரல்தொகுப்பு இதற்கு ஆறு கெழுக்களை வைத்திருக்கிறது. X¹³ வரை போகிறது. முதல் கெழு இப்படி இருக்கும்:

```
S1 = -1.66666666666666324348e-01
```

−1/6 என்றால் 6 நீண்டுகொண்டே போக வேண்டுமே, பதினாறாவது இலக்கத்தில் 3 எப்படி வந்தது என்று தோன்றும். தட்டச்சுப் பிழை அல்ல, வேண்டுமென்றே மாற்றியது. டெய்லரின் கெழுக்கள் 0 என்ற ஒரு புள்ளியில் எல்லாத் துல்லியத்தையும் குவித்துவிடுகின்றன. அங்கே பிழை இல்லவே இல்லை, 45 பாகையின் ஓரத்தில் மட்டும் அது தலைதூக்குகிறது. ஆறு கெழுக்களையும் இப்படி மிக மிகச் சிறிய அளவில் அசைத்துக் கொடுத்தால், நடுவில் துளியளவு துல்லியத்தை விட்டுக்கொடுத்து ஓரத்தின் பிழையை அமுக்கிவிடலாம். பிழை இடைவெளி முழுவதிலும் சமமாகப் பரவிவிடும். அப்படி அசைக்காமல் டெய்லரின் கெழுக்களையே வைத்திருந்தால், அதே துல்லியத்துக்கு இன்னும் இரண்டு உறுப்புகள் சேர்த்தாக வேண்டும்.